குழுப் படத்திலிருந்து என் பிள்ளையை எடுத்துவிடுங்கள்: ஒரு கடிதமும் அதில் எழுதக்கூடாதவையும்

வன்னியில் உள்ள ஒரு பாடசாலையில் 22 பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகள் வழங்கப்பட்டன. பிள்ளைகள் இரண்டு வரிசையில் நின்றார்கள். பின்னால் கட்டியிருந்த பதாகையில், “முன்னாள் போராளிகளின் பிள்ளைகளுக்கான கற்றல் உபகரணங்கள் வழங்கல்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. பிள்ளைகளின் சட்டையில் பாடசாலைச் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. அன்று மாலையே படம் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் வந்தது. உதவி வழங்கிய வெளிநாட்டு அமைப்பு அதைப் பகிர்ந்தது. உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று படத்தைத் தரவிறக்கித் தன் தளத்தில் போட்டது. பெற்றோரின் வட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றியது.

முன்வரிசையில் இடமிருந்து நான்காவதாக நின்ற மாணவனின் தாய் சில நாட்களின் பின் என்னிடம் வந்தார். நான் நீண்டகாலம் பாடசாலை அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் மனு, விண்ணப்பம், கடிதம் என்றால் இப்போதும் என்னிடம் வருவார்கள். “ஐயா, என்ர பிள்ளையை அந்தப் படத்தில இருந்து வெட்டிவிடச் சொல்லி அதிபருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. ஏன் எண்டு கேட்டா என்னத்தை எழுதுறது எண்டுதான் தெரியேல்லை” என்றார்.

அவர் கேட்ட கேள்விதான் இந்த விடயத்தின் மையம். அந்தப் படத்தில் இருந்தது ஒரு முகம் மட்டுமல்ல. முகம், பாடசாலை, தகப்பன் யார் என்ற விபரம் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்திருந்தன. தனித்தனியே இவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்றாகச் சேர்ந்ததும் ஊருக்கு வெளியே இருப்பவருக்கும் பயன்படும் தகவலாகிவிடுகின்றன. புனர்வாழ்வு பெற்று வந்த பிறகும் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களின் வீடுகளில் இது ஏன் பயத்தைத் தரும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போகும் இடத்தில் தன் பழைய வாழ்க்கையைச் சொல்லாமல் இருக்கும் தகப்பன்மாரும் உண்டு. சில குடும்பங்களில் பிள்ளைக்கே இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே கடிதத்தில் காரணத்தை விரித்து எழுதினால், படம் செய்த அதே வேலையைக் கடிதமும் செய்துவிடும். பாடசாலைக்கு வரும் கடிதம் அதிபரின் மேசையோடு நின்றுவிடுவதில்லை. அலுவலகத்தில் திகதி முத்திரை இடப்படும். உள்வரும் கடிதப் பதிவேட்டில் அனுப்பியவரின் பெயரும் விடயமும் பதியப்படும். பிறகு அது கோவைக்குப் போகும். வலயக் கல்விப் பணிமனைக்குப் பிரதி போகலாம். அதிபர் மாற்றலாகிப் போவார். கோவை அங்கேயே இருக்கும். “என் கணவர் முன்னாள் போராளி என்பதால்” என்று ஒரு வரி எழுதினால், அந்த வரி பல கைகளைக் கடந்து பல வருடங்கள் இருக்கும்.

காரணம் சொல்ல வேண்டிய கடப்பாடு பெற்றோருக்கு இல்லை. சம்மதம் கேட்கப்படவில்லை என்பதே போதுமான காரணம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரிய வகைக்குள் சேர்த்திருக்கிறது. பிள்ளையின் சார்பில் சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். ஆனால் இந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டதால், அதைக் கடிதத்தில் மிரட்டலாக எழுதுவதில் பயனில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்புக் கோருகிறது. முதற் கடிதத்தில் இதையும் எழுதத் தேவையில்லை. அதிபர் மறுத்தால் அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாய்க்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் சாரம் இது:

“அதிபர் அவர்கட்கு,

ஐயா,

குழுப் படத்திலிருந்து எனது பிள்ளையை நீக்குதல் தொடர்பாக

கீழே குறிப்பிட்ட சேர்விலக்கத்தையுடைய எனது மகன் தங்கள் பாடசாலையில் தரம் 5இல் கற்கிறார். பாடசாலையின் முகநூல் பக்கத்தில் வெளியான புத்தகப் பை வழங்கும் நிகழ்வின் குழுப் படத்தில் அவரும் நிற்கிறார். அவர் நிற்கும் இடத்தைத் தங்களுக்கு நேரில் காட்டுகிறேன். படத்தை வெளியிட எமது சம்மதம் பெறப்படவில்லை. நாம் அதற்குச் சம்மதிக்கவுமில்லை.

1. அந்தப் பதிவை முழுமையாக நீக்கும்படியும், மீண்டும் வெளியிடுவதாயின் எனது மகன் இல்லாத படத்தைப் பயன்படுத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.
2. பிள்ளைகளின் குடும்ப விபரம் படத்திலும் தலைப்பிலும் இடம்பெறாதவாறு பார்த்துக்கொள்ளவும்.
3. பாடசாலை இப்படத்தை யாருக்கெல்லாம் அனுப்பியதோ அவர்களுக்கும் இதனைத் தெரிவிக்கவும். அப்போது எனது மகனின் பெயரையோ எனது பெயரையோ குறிப்பிட வேண்டாம்.

எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறியத் தந்தால் நன்றியுடையேன்.”

பிள்ளையின் பெயருக்குப் பதில் சேர்விலக்கத்தை எழுதியதற்குக் காரணம் உண்டு. பெயரும், “முன்வரிசையில் நான்காவது” என்ற குறிப்பும் ஒரே தாளில் இருந்தால், அதைக் காண்பவருக்குப் படத்திலுள்ள முகத்தின் பெயர் கிடைத்துவிடும். சேர்விலக்கத்தை வைத்துப் பாடசாலையால் பிள்ளையை அறிய முடியும், வெளியாரால் முடியாது. படத்தை அச்செடுத்து, பிள்ளையின் முகத்தில் வட்டம் போட்டு இணைக்க வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகவே. கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன். நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருக்கலாம். பிள்ளை நிற்கும் இடத்தைப் பின்னர் தொலைபேசியில் சொல்லலாம்.

இன்னொன்றையும் செய்யவேண்டாம் என்றேன். முகநூற் பதிவின் கீழ் “என் பிள்ளையின் படத்தை எடுங்கள்” என்று கருத்துப் போடக்கூடாது. பதிவைப் பார்த்த அத்தனை பேருக்கும், தாயின் கணக்கின் வழியாக, எந்தப் பிள்ளை என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டுவது என்பது கேட்பதற்கு இலகு. ஆனால் வரிசையின் ஓரத்தில் நிற்கும் பிள்ளையைத்தான் அப்படி வெட்டி எடுக்கலாம். நான்காவதாக நிற்பவரை எடுக்கப் போனால் பக்கத்தில் நிற்கும் மூன்று பிள்ளைகளும் போய்விடுவார்கள். அவருடைய முகத்தை மட்டும் மங்கலாக்கினால் பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும், “ஏன் இந்தப் பிள்ளையை மட்டும்?” என்ற கேள்வி எழும். மறைக்க நினைத்தது முன்னே வந்து நிற்கும். தொலைபேசியில் நிறப் பேனையால் முகத்தில் கீறி மறைப்பதும் நம்பத்தக்கதல்ல. அந்த நிறம் ஒளி ஊடுருவக் கூடியதாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும்போது முகம் தெரியக்கூடும். பிள்ளை நடுவில் நிற்கும் படத்துக்கு ஏற்ற வழி, எல்லா முகங்களையும் மங்கலாக்குவது, அல்லது வேறு படம் போடுவது. அடுக்கிவைத்த பைகளின் படம், பிள்ளைகள் முதுகு காட்டி நிற்கும் படம் என்று எத்தனையோ உண்டு.

பதிவை நீக்குவதற்கும் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அதிபருக்கு நேரில் விளக்க வேண்டியிருந்தது. அவர் முதலில் தலைப்பை மட்டும் மாற்றினார். ஆனால் முகநூலில் ஒரு பதிவின் எழுத்தைத் திருத்தினால், பழைய எழுத்தைத் திருத்த வரலாற்றில் திறந்து பார்க்க முடியும். முழுப் பதிவையும் நீக்கினால்தான் அது போகும். அப்படி நீக்கும்போது, பகிர்வுப் பொத்தானை அழுத்திப் பகிர்ந்தவர்களின் பக்கங்களிலும் படம் தெரியாமற் போகும். வெளிநாட்டு அமைப்பின் பகிர்வு இந்த வகையானது. பாடசாலை நீக்கியதும் அங்கேயும் மறைந்தது. செய்தித் தளமோ படத்தைத் தரவிறக்கித் தன்னிடம் ஏற்றியிருந்தது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். அதிபர் பெயர் குறிப்பிடாமல் கேட்டார். அவர்கள் பைகளின் படத்தைப் போட்டார்கள். தளம் மாற்றிய பின்னும் கூகுள் தேடலில் பழைய படம் சிறிதாகச் சில காலம் தெரியலாம். வட்ஸ்அப்பில் மற்றவர்கள் தங்கள் தொலைபேசியில் சேமித்ததை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அந்தத் தாயிடம் இதை நான் மறைக்கவில்லை. “தேடினா வாற இடத்தில இல்லாட்டிக் காணும் ஐயா” என்றார்.

அதிபரும் பிடிவாதக்காரர் அல்லர். “படம் போடாட்டி அடுத்த முறை காசு வராது” என்பது அவருடைய கவலை. அது பொய்யுமல்ல. வெளிநாட்டில் காசு சேர்த்தவர், கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும். நம் பகுதிகளில் படம் பற்றுச்சீட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் கணக்குக் காட்டப் பிள்ளையின் முகம் தேவையில்லை. பைகள் வாங்கிய பற்றுச்சீட்டு, பெற்றோர் கையொப்பமிட்ட பட்டியல், அதிபரின் உறுதிக் கடிதம் ஆகிய மூன்றும் படத்தைவிட உறுதியான அத்தாட்சி. அவற்றை அமைப்புக்கு நேரடியாக அனுப்பலாம். பொதுவில் போடத் தேவையில்லை. அதிபர் அப்படியே அனுப்பினார். அமைப்பு ஏற்றுக்கொண்டது.

அதிபர் மறுத்திருந்தால் அடுத்த படி வலயக் கல்விப் பணிப்பாளர். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் இன்னும் சிலருக்கு விடயம் தெரியவரும். எவ்வளவு தூரம் போவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும்.

அந்தப் படத்தில் இன்னும் 21 பிள்ளைகள் நின்றார்கள். ஒரு தாயின் கடிதத்தால் அந்தப் பதாகையும் சேர்ந்து போனது. ஒரு பிள்ளையை மட்டும் வெட்டியிருந்தால் மற்றவர்கள் அந்தப் பெயரின் கீழ் அப்படியே நின்றிருப்பார்கள். கடிதத்தின் இரண்டாவது கோரிக்கையை எழுதச் சொன்னதும் அந்தத் தாய்தான். பாடசாலையின் அடுத்த வழங்கலில் பதாகையில் “கற்றல் உபகரணங்கள் வழங்கல்” என்று மட்டுமே இருந்தது.