தோட்டைக் கழற்றலாமா, விடலாமா?

காது குத்தி ஐந்தாம் நாள். சோணை சிவந்து வீங்கி, தோட்டைச் சுற்றிக் கசிகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ‘முதல்ல கழட்டி வை’ என்கிறார் பாட்டி. ‘தூர்ந்துபோயிடும்’ என்று தடுக்கிறார் அம்மா. பெரும்பாலும் அம்மா சொல்வதே சரி. ஆனால் காரணம் வேறு.

சீழ் பிடித்த நேரத்தில் தோட்டை எடுத்தால், துளையின் இரு வாயும் சீக்கிரமே மூடிக்கொள்ளும். சீழ் உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிடும். தோடு இருக்கும்வரை அது வெளியே வடிய வழி இருக்கும். எனவே கழற்ற வேண்டாம். திருகாணியை மட்டும் தளர்த்தினால் போதும். வீங்கிய சோணையை அது அழுத்திக்கொண்டிருந்தால் புண் ஆறாது.

எல்லாக் கசிவும் சீழ் அல்ல. முதல் சில நாள்களில் தெளிந்த நீர் கசிந்து பொருக்காகக் காய்வது இயல்பு. கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை நிறம், நாற்றம், சூடு, விண்ணென்ற வலி ஆகியவை தொற்றின் அடையாளம். வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, தோல் செதில் செதிலாக உரிந்தால், கவரிங் தோட்டிலுள்ள நிக்கல் ஒவ்வாமல் போயிருக்கலாம். அப்போது அந்தத் தோட்டை மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்வது எளிது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய 250 மில்லி நீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனும் போதும். அதில் நனைத்த காஸ் துணியைச் சில நிமிடம் ஒற்றி வைத்தால் பொருக்கு ஊறித் தானாக வந்துவிடும். பிய்க்கக் கூடாது, தோட்டைத் திருகவும் கூடாது. பிறகு ஈரம் போக ஒற்றிவிட வேண்டும். காலை, மாலை இரு வேளை செய்யலாம். மஞ்சள், எண்ணெய், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

இரண்டு நாளில் குறையாவிட்டாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தோடோ திருகாணியோ வீக்கத்துக்குள் புதைந்துவிட்டால், வீட்டில் நோண்டாமல் அவரிடமே எடுக்கச் சொல்லலாம். குத்தியது மேல்காதில் என்றால் முதல் நாளே போவது நல்லது. அங்குள்ள குருத்தெலும்புக்குத் தனி இரத்த ஓட்டம் இல்லை. தொற்று முற்றினால் காதே சுருங்கி உருமாறிவிடும்.

புண் ஆறும்போதோ ஆறிய பின்னோ வரும் கட்டி வேறு கதை. முதல் சில வாரங்களில் துளை வாயில் சிவப்பாக, மெத்தென்று, தொட்டால் இரத்தம் கசிவது சதை வளர்ச்சி. அது பெரும்பாலும் அடங்கிவிடும். சில மாதங்கள் கழித்துக் கெட்டியாகத் தோன்றி, துளையின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால் அது கெலாய்டு. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாக முளைப்பதுண்டு. அதனால் தோல் மருத்துவர்கள் சில வார இடைவெளியில் கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். வெட்டினாலும் ஊசியையோ அழுத்தக் கிளிப்பையோ சேர்த்தே தருகிறார்கள்.

ஒரு முறை கெலாய்டு வந்தவர்கள் இரண்டாம் துளை குத்திக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. பெற்றோருக்கு இருந்தால், பிள்ளைக்குக் காது குத்தும் முன் தோல் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.