ஏற்றிய சொல்லைத் திரும்பப் பெறுதல்

லெம்பா பெர்த்தாம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டத் தமிழரின் பேச்சுச் சொற்களை நாம் தரவுத்தளம் ஒன்றில் சேர்த்து வந்தோம். ஒரே நாளில் மூன்று கோப்புகள் ஏற்றப்பட்டன. முதலாவதில் 412 சொற்கள், இரண்டாவதில் 386, மூன்றாவதில் 154. மறுநாள் 'மலை' என்று தேடியபோது சில பதிவுகள் அகப்படவில்லை. அவை 'மைல' என்று பதிவாகியிருந்தன.

காரணம் எழுத்துக் குறியீடு. இரண்டாம் கோப்பு பழைய தஸ்கி முறையில் தட்டச்சிடப்பட்டது. அம்முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே, ஐகாரக் குறியும் கொம்பும் மெய்க்கு முன் நிற்கும். யூனிகோடில் அவை மெய்க்குப் பின் வரும். இடம் மாற்றாமல் எழுத்துக்கு எழுத்து மாற்றியதால் 'கொழுந்து' என்பது 'ெகாழுந்து' ஆயிற்று.

'ெகாழுந்து' பார்த்தவுடன் பிழையெனத் தெரியும். குறியில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. ஆனால் 'மைல' எழுத்திலக்கணப்படி குற்றமற்ற வடிவம். 'லயம்', 'கங்காணி' போன்றவற்றில் மாற்றமே இல்லை. ஆகவே தோற்றத்தைக் கொண்டு பிழையான வரிகளைப் பிரித்தெடுக்க இயலாது. அவை எவ்வழியே வந்தன என்பதே அடையாளம்.

இதற்காகவே ஒவ்வொரு வரியிலும் இரு முத்திரைகள் இட்டிருந்தோம்: ஏற்றத்தின் எண் `batch_id`, ஏற்றிய நேரம் `loaded_at`. நேரம் மட்டும் போதாது. இரண்டாம், மூன்றாம் கோப்புகளை இருவர் ஒரே வேளையில் ஏற்றியமையால் அவற்றின் நேரங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. எண்தான் அவற்றைப் பிரித்தது. நேரம், பின்னர் நிகழ்ந்த மாற்றங்களை ஒப்பிட உதவியது. ஏற்றத்தின் எண், கோப்பின் பெயர், வரிகளின் தொகை ஆகியவற்றைத் தனி அட்டவணையிலும் குறித்து வைத்திருந்தோம்.

நீக்கம் பின்வருமாறு நிகழ்ந்தது:

```sql
BEGIN;
DELETE FROM words WHERE batch_id = 2;
```

கணினி 386 வரிகள் நீங்கின என்று காட்டியது. குறிப்பேட்டுத் தொகையோடு அது ஒத்ததால் `COMMIT` இட்டோம். ஒவ்வாதிருப்பின் `ROLLBACK` இட்டிருப்போம். எஞ்சியவை 566 சொற்கள். கோப்பை முறையாக மாற்றி, 4 என்னும் புதிய எண்ணில் மீண்டும் ஏற்றினோம். பழைய எண்ணை மறுபடி வழங்கவில்லை. வழங்கினால் எது எந்த ஏற்றம் என்ற வரலாறு குழம்பும்.

நீக்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. ஏற்றிய பின் யாரேனும் கையால் திருத்திய வரிகள் அத்தொகுதியில் இருக்கலாம். திருத்திய நேரத்தையும் வரியில் குறித்திருந்தோம்; அது `loaded_at` நேரத்திற்குப் பிந்திய வரிகளை முதலில் தனியே எடுத்து வைத்தோம். இல்லையேல் முதியோர் ஒருவரிடம் மீண்டும் கேட்டுச் சேர்த்த பொருள் விளக்கம் பிழையோடு சேர்ந்து அழிந்திருக்கும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. புதிதாகச் சேர்ந்த வரியை மட்டுமே இவ்வாறு திரும்பப் பெறலாம். ஏற்றம் பழைய வரியின் மேலேயே எழுதிவிட்டால், புதிய முத்திரை பழையதை மறைத்துவிடும். நீக்கினால் சொல்லே இல்லாமற்போகும். எனவே பழைய வரியை மாற்றாமல், திருத்தத்தைப் புதிய வரியாகச் சேர்த்து, இறுதியாக ஏற்றியதையே நடைமுறை வடிவமாகக் காட்டுதல் வேண்டும். அப்போது பிழையான ஏற்றத்தை நீக்கியவுடன் முந்தைய வடிவம் தானே வெளிப்படும்.