இணையவழி இசை வகுப்பில் தம்பூரா நாதம் மறைவது ஏன்? திருத்த வேண்டியது மாணவரின் கருவியில் உள்ள அமைப்பை

புனேயில் இருந்து ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டு கற்பிக்கும் ஓர் ஆசிரியர், போபாலில் உள்ள மாணவியின் காலைப் பயிற்சியை ஜூம் செயலி வழியாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி தம்பூராவை மீட்டத் தொடங்குகிறார். முதல் சில விநாடிகளுக்கு நாதம் தெளிவாக வருகிறது. பின்னர் படிப்படியாகத் தேய்ந்து மறைகிறது. அவர் மந்த்ர ஸ்தாயி சட்ஜத்தை ஒரே மூச்சில் நீட்டிப் பிடிக்கிறார். அந்தக் குரலும் பாதியில் நடுங்கி, உள்வாங்கி, அறுந்துபோகிறது. மூச்சு போதவில்லை என்று ஆசிரியர் திருத்துகிறார். மாணவியோ மூச்சை விடவே இல்லை.

அடுத்த முறை அவர் குரலை அழுத்திப் பாடுகிறார். அழுத்தமின்றித் தாழ்ந்த சுரத்தில் குரலை நிறுத்துவதே கரஜ் எனப்படும் இந்தப் பயிற்சியின் நோக்கம். இல்லாத பிழையைத் திருத்தப்போய், புதிய பிழை ஒன்று மாணவியின் தொண்டையில் பழக்கமாகிவிடுகிறது.

இதற்கு இணைய வேகம்தான் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். இணைப்பு தடைபட்டால் ஒலி துண்டு துண்டாக விழும், சொற்கள் உடையும், படமும் உறையும். படம் சீராக ஓட, பேச்சும் தெளிவாக இருக்க, நீண்ட சுரம் மட்டும் தேய்கிறது என்றால், பெரும்பாலும் அது செயலியில் உள்ள இரைச்சல் நீக்க வசதியின் வேலை.

பேச்சுக்காகச் செய்யப்பட்ட வடிகட்டி

காணொலி அழைப்புச் செயலிகள் அலுவலகக் கூட்டங்களை மனத்தில் கொண்டு உருவானவை. மனிதப் பேச்சில் ஒலியின் வலிமை விநாடிக்குச் சில முறை ஏறி இறங்கும். அசைகளுக்கு நடுவே சிறு இடைவெளிகள் விழும். மின்விசிறியின் ஓசையோ ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக இருக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டு இரைச்சலைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறையை ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் 1979-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். மாறாமல் நீடிப்பது இரைச்சல், மாறிக்கொண்டிருப்பது பேச்சு என்பதே அதன் அடிப்படை. தம்பூராவின் பணியே மாறாமல் நீடிப்பது. எனவே மின்விசிறிக்கும் தம்பூராவுக்கும் அந்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. முதல் சில விநாடிகள் நாதம் கேட்டுப் பிறகு மறைவதற்கும் இதுவே காரணம். அது ‘மாறாத ஒலி’ என்று முடிவு செய்யச் செயலிக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

இன்றைய செயலிகள் பெரும்பாலும் நரம்பியல் வலையமைப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. பேச்சையும் இரைச்சலையும் ஏராளமாகக் கேட்டுப் பழகிய இந்த முறை, பேச்சு போல ஒலிக்காத எதையும் ஒதுக்கிவிட முயல்கிறது. தபலாவின் அடி மேசையைத் தட்டும் ஓசையாகக் கருதப்படலாம். தம்பூராவின் ஜவாரி தரும் நுண்ணிய ரீங்காரம் முதலில் உதிர்கிறது. பாட்டின் சொற்கள் தப்பிவிடும். அகாரமாக நீளும் ஆலாபனைதான் அடிபடும்.

யாருடைய அமைப்பை மாற்றுவது?

ஆசிரியர்கள் தவறவிடும் இடம் இதுதான். இரைச்சல் நீக்கம் என்பது ஒலி புறப்படும் பக்கத்துக்குரிய அமைப்பு. புனே ஆசிரியர் தமது கணினியில் அதை நிறுத்தினால், அவரது பாட்டு மாணவிக்கு முழுமையாகப் போகும். மாணவியின் குரல் அவருக்கு முழுமையாக வர வேண்டுமானால் போபாலில் உள்ள கருவியில்தான் மாற்றம் செய்ய வேண்டும்.

ஜூம் செயலியைக் கணினியில் பயன்படுத்துவோர் Settings பகுதியில் Audio என்பதைத் திறந்து, Original sound for musicians என்ற தேர்வை இயக்க வேண்டும். அதன் கீழ் உள்ள High-fidelity music mode ஒலியின் தரத்தை உயர்த்தும். இணைப்பு வலுவாக இருந்தால் அதையும் சேர்க்கலாம். இத்துடன் வேலை முடியவில்லை. வகுப்பு தொடங்கியதும் திரையின் மேற்பகுதியில் அதே பெயரில் தோன்றும் பொத்தான் On என்ற நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கூகுள் மீட் செயலியில் Settings, Audio பகுதியில் Noise cancellation என்பதை நிறுத்த வேண்டும். மைக்ரோசாப்ட் டீம்ஸ் செயலியில் இரைச்சல் நீக்கத்துக்கான தேர்வை Off என்று வைக்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு இவற்றின் இடமும் பெயரும் சற்று மாறக்கூடும்.

கைப்பேசியில் ஒலிக்கும் தம்பூரா

நேரடித் தம்பூராவுக்கு மாற்றாகத் தம்பூரா செயலியைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. வகுப்பு நடக்கும் அதே கைப்பேசியில் அதையும் ஒலிக்கவிட்டால், எதிரொலி நீக்க வசதி குறுக்கிடும். தன் ஒலிபெருக்கியில் இருந்து வெளியேறி, ஒலிவாங்கிக்குள் திரும்ப வரும் எதையும் அகற்றுவதே அதன் கடமை. அதனால் மாணவி கேட்டுப் பாடும் சுருதி, ஆசிரியருக்குக் கேட்பதே இல்லை. தம்பூரா செயலியை மற்றொரு கைப்பேசியில் சற்றுத் தள்ளி ஒலிக்கவிடுவது எளிய தீர்வு.

பாட்டின் நடுவே ஆசிரியர் ‘வாஹ்’ என்று சொல்லும்போதும், தாளம் தட்டும்போதும் மாணவியின் குரல் ஒரு கணம் அமுங்குவதற்கும் இதே வசதிதான் காரணம். இருபுறமும் ஹெட்போன் அணிந்தால் எதிரொலிக்கு வழியே இல்லை. அப்போது Echo cancellation தேர்வையும் துணிந்து நிறுத்தலாம். ஹெட்போன் இல்லாமல் நிறுத்தினால் ஆசிரியரின் குரல் அவருக்கே திரும்பி வந்து இடையூறு செய்யும். ஹெட்போன் கம்பி இணைப்புடையதாக இருப்பது நல்லது. புளூடூத் கருவியின் ஒலிவாங்கியைப் பயன்படுத்தும்போது ஒலித்தரம் பல நேரங்களில் தொலைபேசி அழைப்பின் அளவுக்கு இறங்கிவிடும்.

மாற்றம் பலித்ததா என்று அறிய ஒரு சோதனை போதும். மாணவி யாதொன்றும் பேசாமல் 20 விநாடிகள் தம்பூராவை மட்டும் ஒலிக்கவிட வேண்டும். பிறகு சட்ஜத்தை ஒரே அளவில் நீட்டிப் பிடிக்க வேண்டும். அதே வேளையில் அருகில் உள்ள மற்றொரு கைப்பேசியில் சாதாரணக் குரல் பதிவாக அதைப் பதிந்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். பதிவில் நிலையாக நிற்கும் சுரம் வகுப்பில் மட்டும் தேய்ந்தால், குறை மாணவியிடம் இல்லை என்பது உறுதி.

செயலியில் எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் தேய்வு தொடர்ந்தால், கருவியின் சொந்த வடிகட்டியைப் பார்க்க வேண்டும். ஐபோனில் அழைப்பின்போது ஒலிவாங்கி அமைப்பு Voice Isolation என்று இருந்தால் அதை Wide Spectrum என்று மாற்றலாம். விண்டோஸ் கணினிகளில் ஒலிவாங்கிக்கான Audio enhancements என்ற தேர்வு சில வேளைகளில் இதே வேலையைச் செய்கிறது.

இவை அனைத்தையும் நிறுத்தினால் மின்விசிறியும் தெருவோசையும் வகுப்புக்குள் வந்துவிடும். பாடும் 20 நிமிடங்களுக்கு விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் ஒரு முழத் தொலைவுக்குள் வைத்தால் அதில் பெரும்பகுதி அடங்கும்.