ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு காயில்

7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெச்சூர் ரேடியோ கேட்பவர்களுக்குக் கால் அலைநீள ஆன்டெனா கட்டச் சுமார் 10 மீட்டர் கம்பி வேண்டும். மொட்டை மாடியில் இடம் போதாதவர்கள் சில மீட்டர் குறைத்துக் கட்டுகிறார்கள். அப்படிக் குறைந்த ஆன்டெனா, ஒரு மின்தடையோடு மின்தேக்கி ஒன்றும் தொடராகச் சேர்ந்ததுபோல நடந்துகொள்ளும். மின்தடை 50 ஓம், மின்தேக்கியின் மறுப்பு 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இதன் இம்பீடன்ஸை 50 − j100 என்று எழுதுவார்கள்.

ஆன்டெனாவில் வரும் சிக்னல் உண்மையில் மைக்ரோவோல்ட் அளவுதான். கணக்கு எளிதாக இருக்க அதை 10 வோல்ட் என்று கொள்வோம், விகிதம் மாறாது. 50 ஓம் ரிசீவரை நேரடியாக இணைத்தால் அதற்குக் கிடைப்பது 0.25 வாட். மின்தடைகள் சமமாக இருந்தும் ஏன் இவ்வளவு குறைவு? மின்தேக்கி சக்தியைத் தின்பதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் மின்னோட்டத்தை 0.1 ஆம்பியருக்கு ஏறவிடாமல் 0.07 ஆம்பியரில் நிறுத்திவிடுகிறது.

மாறுதிசை மின்சாரத்தில் காயில் இதற்கு நேர் எதிரானது. மின்தேக்கியின் மறுப்பு −100 என்றால், காயிலின் மறுப்பு +100. எனவே 7 மெகாஹெர்ட்ஸில் 100 ஓம் தரும் காயிலை, அதாவது சுமார் 2.3 மைக்ரோஹென்ரி, ரிசீவரோடு தொடராகச் சேர்த்தால் இரண்டும் கழிந்துவிடும். மிஞ்சுவது 50-ம் 50-ம் ஆன மின்தடைகளே. மின்னோட்டம் 0.1 ஆம்பியர், ரிசீவருக்கு 0.5 வாட். முன்பு கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு.

இப்போது சுமையின் இம்பீடன்ஸ் 50 + j100. கணிதத்தில் இதை 50 − j100-இன் இணைக் கலப்பெண் என்பார்கள்: மின்தடை அப்படியே, மறுப்பின் குறி மட்டும் மாறும். மூலத்தைப் போலவே இருக்கட்டும் என்று சுமையையும் 50 − j100 ஆக வைத்தால், மறுப்புகள் கூடிப்போய் 0.1 வாட்தான் கிடைக்கும்.

காயிலின் டேப்பை ஒவ்வொரு சுற்றாக மாற்றிப் பார்த்தால், ஓரிடத்தில் சிக்னல் மீட்டரின் முள் உச்சத்துக்கு ஏறி, தாண்டியதும் இறங்கும். அந்த இடம்தான் பொருத்தம். ஆனால் அது அந்த அலைவரிசைக்கு மட்டுமே. இதே சுற்றை 14 மெகாஹெர்ட்ஸில் வைத்துக் கணக்கிட்டால் காயிலின் மறுப்பு 200 ஆகும், மின்தேக்கியுடையது 50 ஆகும். மீதி 150 ஓம் குறுக்கே நிற்க, கிடைக்கும் சக்தி 0.15 வாட்டாகச் சரியும்.

உச்ச சக்தி கிடைக்கும்போதும் திறன் 50 சதவீதம்தான். மூலத்தின் மின்தடையிலும் அதே 0.5 வாட் போகிறது. காற்றில் வரும் சிக்னலைப் பிடிக்க இது நல்ல பேரம். மின்நிலையத்துக்கோ பாதி மின்சாரம் உள்ளேயே வெப்பமாகிவிடும் என்பதால், அங்கே இந்த விதியைக் கடைப்பிடிப்பதில்லை.