பொட்டிக் கடைக்கு ஒரு மெயில்: எத்தனை சேலைன்னு கேட்காதீங்க, எத்தனை பாவுன்னு சொல்லுங்க

கைத்தறிச் சேலை விக்கிறவங்க, பொட்டிக் நடத்துறவங்களுக்கு “நாம சேர்ந்து ஒரு கலெக்‌ஷன் பண்ணலாமா?”ன்னு எழுதுற மெயில் பத்தி இன்னிக்குப் பேசுவோம். பெரும்பாலும் இந்த மெயில்ல நாலு பத்தி பாரம்பரியப் பெருமை இருக்கும், பத்துப் படம் இருக்கும். கடைக்காரர் தேடுறது மட்டும் இருக்காது: எத்தனை, எப்போ, எவ்வளவு, விக்காம நின்னா யார் தலையில?

காரைக்குடி கண்டாங்கிச் சேலையை எடுத்துக்குவோம். பருத்தி நூல், கட்டம் இல்லன்னா கோடு, அகலமான கரை. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின சேலை.

கடைக்காரர் வழக்கமா கேட்குறது, “ஒவ்வொரு கலர்லயும் ரெண்டு ரெண்டு குடுங்க.” மில் துணின்னா சரி. கைத்தறியில கணக்கு சேலையில தொடங்குறதில்ல, பாவுல தொடங்குது. தறியில நீளவாக்குல ஏத்துற நூல்தான் பாவு. அதுக்குச் சாயம் போட்டு, கஞ்சி போட்டு, தறியில பிணைச்சா, அதுல இருந்து வரிசையா பல சேலை வரும். நம்ம உதாரணத்துல ஒரு பாவுக்கு 8 சேலைன்னு வெச்சுக்குவோம். ரெண்டு சேலைக்காகத் தனியா பாவு போட்டா, அந்த வேலை மொத்தமும் ரெண்டு சேலை விலையில ஏறிடும்.

ஆனா இதுலயே ஒரு வசதி இருக்கு. கரையும் நீளக்கோடும் பாவுல இருக்கு, அது 8 சேலைக்கும் ஒண்ணுதான். குறுக்கே ஓடுற ஊடை நூலை மட்டும் சேலைக்குச் சேலை மாத்தலாம். அப்போ உடல் நிறமும் முந்தியும் மாறும். கடைக்காரருக்கு வேண்டிய வெரைட்டி இங்கதான் கிடைக்கும். இதைத் தெரிஞ்சு எழுதின மெயில் இப்படி இருக்கும்:

பொருள்: தீபாவளிக்கு 24 கண்டாங்கிச் சேலைகள், சேர்ந்து செய்யலாமா?

வணக்கம் மேடம்,

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்து விற்கிறோம். போன மாதம் உங்கள் கடைக்கு வந்தேன். பருத்தி பிளவுஸ்கள் நிறைய இருந்தன, அதற்குப் பொருத்தமான சேலைகள் குறைவாக இருந்தன.

என் யோசனை: 3 பாவு, பாவுக்கு 8 என 24 சேலைகள். கரை நிறம் மூன்றையும் நீங்கள் தேர்வு செய்யலாம். ஒவ்வொரு பாவிலும் 4 ஊடை நிறங்கள் தருகிறேன். பிளவுஸ் உங்கள் தையல், உங்கள் வரவு. லேபிளில் இருவர் பெயரும் இருக்கும்.

சேலை ஒன்று ரூ.1,800, மொத்தம் ரூ.43,200. பாதி முன்பணம், மீதி சரக்கு வந்ததும். இதே நிறச் சேர்க்கையைப் பொங்கல் வரை வேறு யாருக்கும் தரமாட்டேன்.

ஜூலை 10-க்குள் சொன்னால், ஆகஸ்ட் 31-க்குள் சேலைகள் உங்கள் கடையில் இருக்கும். மாதிரிக்கு ஒரு சேலை அனுப்பட்டுமா?

அவ்வளவுதான். போன்ல ஒரு நிமிஷத்துல படிச்சிடலாம். கடைசிக் கேள்விக்கு “சரி, அனுப்புங்க”ன்னு ரெண்டே வார்த்தையில பதில் போட்டுடலாம், கவனிச்சீங்களா?

தேதி எங்க இருந்து வந்துச்சு? ஒரு சேலைக்கு ரெண்டு நாள்னா, ஒரு பாவுக்கு 16 வேலை நாள். மூணு பாவும் மூணு தறியில ஒரே நேரத்துல ஓடும். முன்னாடி சாயம், பாவு வேலைக்குப் பத்து நாள். ஜூலை 10-ல இருந்து எண்ணினா ஆகஸ்ட் நடுவுலயே முடியணும். மிச்ச ரெண்டு வாரம் மழைக்கும், நெசவாளர் வீட்டு விசேஷத்துக்கும். சாயம் போட்ட நூல் மழையில காயாதுங்க, அதை மெயில் எழுதும்போதே நினைச்சுக்கணும்.

இப்போ பணம். நிறைய பொட்டிக், “வெச்சுட்டுப் போங்க, வித்ததும் தர்றோம்”னு சொல்வாங்க. ஏற்கெனவே நெஞ்சு முடிச்ச நாலு சேலைன்னா அப்படிக் குடுக்கலாம். ஆனா இந்த 24-ம் அவங்க கேட்ட நிறத்துல நெய்யுறது. ஆறு மாசம் கழிச்சு 15 சேலை திரும்பி வந்தா, நூலுக்கும் கூலிக்கும் போட்ட காசு அதுல மாட்டிக்கும். நெசவாளருக்குக் கூலி அந்தந்த வாரம் குடுத்தாகணுமே. அதான் முன்பணம் பாதி, ரூ.21,600. தயக்கம் காட்டினா பாதி முன்பணத்தைக் குறைக்காதீங்க, ஒரு பாவைக் குறைங்க. 16 சேலையில ஆரம்பிக்கலாம்.

ஒரு விஷயம் மெயில்ல வேண்டாம், அடுத்த போன்ல சொல்லிடுங்க. இதே நிறம் திரும்ப வேணும்னா, அடுத்த சாயத்துல லேசா மாறும். முதல்லயே சொன்னா அது கைத்தறியோட இயல்பு. சேலை போய்ச் சேர்ந்தப்புறம் சொன்னா, சாக்கு.