பத்தாம் பக்கம் எங்கே போனது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த சில நாள்களில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் கைக்கு ஒரு கோப்பு வந்து சேர்கிறது. மறுகூட்டல் போதுமா, மறுமதிப்பீடு கேட்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கும் சில நாள்களே அவகாசம். 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கொன்றில், தேர்வர் தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பார்க்கக் கிடைக்கும் நகலில் பக்கங்கள் முன்பின்னாக இருந்தால், இரண்டு பக்கங்கள் வராமலே போயிருந்தால், எந்த விடை எந்த வினாவுக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான். செய்யும் முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, வினா எண்ணைப் பார்த்துப் பக்கங்களை அடுக்குவது. தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. மாணவர்கள் 1 முதல் 38 வரை வரிசையாக எழுதுவதில்லை. நன்றாகத் தெரிந்த ஐந்து மதிப்பெண் வினாவை முதலில் முடித்துவிட்டு, இரண்டு மதிப்பெண் வினாக்களைக் கடைசிக்கு ஒதுக்குபவர்கள் நிறைய. ஆகவே பக்கங்களின் வரிசையும் வினாக்களின் வரிசையும் வெவ்வேறு. தாள்களின் வரிசையை முதலில் தாளைக் கொண்டே நிறுவ வேண்டும். விடைகளை வினாக்களோடு சேர்ப்பது அதற்குப் பிறகுதான்.

பக்க எண் அச்சிட்ட விடை ஏடு என்றால் பாதி வேலை முடிந்தது. ஸ்கேன் செய்யும்போது எண் இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ, கூடுதல் தாளில் எண்ணே இல்லாவிட்டாலோ வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். முதல் அடையாளம் தையல். ஒரு தாளின் முன்பக்கத்தில் நூல் துளையோ மடிப்புக் கோடோ இடது ஓரத்தில் இருக்கும். பின்பக்கத்தில் வலது ஓரத்தில் இருக்கும். முதல் பக்கத்தை 1 என்று கொண்டால், இடப்பக்கம் துளை உள்ளவை எல்லாம் ஒற்றைப்படைப் பக்கங்கள், வலப்பக்கம் துளை உள்ளவை இரட்டைப்படை. ஒழுங்கான நகலில் இடது, வலது, இடது, வலது என்று மாறிமாறி வரும். அந்தத் தாளம் எங்கே தப்புகிறதோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

இரண்டாவது அடையாளம் மறுபக்கத்து மை. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் மங்கலாகத் தெரியும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. கைப்பேசியிலேயே அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பி, ஒளி வேறுபாட்டைக் கூட்டினால், அந்த நிழல் வரிகள் எந்தப் பக்கத்தோடு பொருந்துகின்றன என்று தெரிந்துவிடும். படம் வரைந்த பக்கங்களில் இது இன்னும் எளிது. ஒரு பக்கத்தின் பின்னால் எது இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று நகலில் கிடைக்காது. ஆனால் நகல் வண்ணத்திலோ சாம்பல் நிறச் சாயைகளோடோ இருந்தால்தான் இது பயன்படும். கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறத்தில் ஸ்கேன் செய்திருந்தால் நிழல் முழுவதும் அழிந்திருக்கும்.

காணாமல் போன பக்கங்கள் விட்டுச்செல்லும் தடமும் முக்கியமானது. நகலில் 11, 12 இல்லை, அதாவது ஒற்றைப்படையும் அடுத்த இரட்டைப்படையும் இல்லை என்றால், ஒரு தாள் முழுமையாக விடுபட்டிருக்கிறது. அது கழன்று போயிருக்கலாம், அல்லது இயந்திரத்துக்குள் போகாமலே தங்கியிருக்கலாம். மாறாக 10, 11 இல்லை என்றால் கதை வேறு. தையலை வெட்டித் தாள்களைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் விட்டால், சில சமயம் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும். இயந்திரத்தின் ஒரு கண் மேல் தாளின் முன்பக்கமான 9-ஐப் பார்க்கும். மறு கண் கீழ்த் தாளின் பின்பக்கமான 12-ஐப் பார்க்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த 10-ம் 11-ம் யார் கண்ணிலும் படாது. ஏட்டைப் பிரிக்காமல் மேலிருந்து படமெடுக்கும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினாலும் இதே 10, 11 தான் போகும். ஆக, இரட்டைப்படையில் தொடங்கி ஒற்றைப்படையில் முடியும் இடைவெளியைக் கண்டால் பயப்பட வேண்டாம். அந்தத் தாள்கள் இரண்டுமே ஏட்டில் பத்திரமாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் ஒரு முகம் மட்டும் நகலில் வரவில்லை.

ஒரே ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் போவதும் உண்டு. வெற்றுப் பக்கங்களைத் தானாக நீக்கும் வசதி பல ஸ்கேனர்களில் இருக்கிறது. இரண்டே வரி எழுதிய பக்கத்தையோ, மெல்லிய பென்சில் கோட்டில் படம் மட்டும் வரைந்த பக்கத்தையோ அது வெற்றுப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நடுவில் தைத்த 16 பக்க ஏட்டில் ஒரு மடிப்புத் தாளே உருவிப்போயிருந்தால் நான்கு பக்கங்கள் இரண்டு இடங்களில் குறையும். அந்தத் தாளின் ஒரே முகத்தில் உள்ள இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17 ஆக இருக்கும். 3, 4 போயிருந்தால் 13, 14-ம் போயிருக்க வேண்டும்.

இனி ஒரு மாதிரி விடைத்தாளை எடுத்துக்கொள்வோம். இயற்பியல், 70 மதிப்பெண். முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டாம் பகுதியில் 16 முதல் 24 வரை ஆறு எழுத வேண்டும், மூன்றாம் பகுதியில் 25 முதல் 33 வரை ஆறு. நான்காம் பகுதியில் 34 முதல் 38 வரை ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ). மாணவி 16 பக்க ஏடும் நான்கு பக்கக் கூடுதல் தாளும் எழுதியிருக்கிறாள் என்று கொள்வோம். முகப்புத் தாள் நீங்கலாக மொத்தம் 20 பக்கம் இருக்க வேண்டும், கோப்பில் இருப்பதோ 18 படங்கள்.

தையல் துளையைப் பார்த்துக்கொண்டே போகிறோம். ஆறாவது படம் வரை இடது, வலது ஒழுங்காக மாறுகிறது. ஏழாவது படத்தில் துளை வலப்பக்கம், எட்டாவதில் இடப்பக்கம். அந்தத் தாள் புரண்டு போயிருக்கிறது. எட்டாவது படத்தின் தலைப்பில் 37 என்ற எண் இருக்கிறது. அதன் கடைசி வரி ஏழாவது படத்தின் முதல் வரியில் தொடர்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால் 7, 8 சரியாகிவிடுகிறது.

அடுத்து ஒன்பதாவது படத்தில் துளை இடது, பத்தாவதில் வலது, பிறகு கடைசிவரை அதே ஒழுங்கு. துளையை மட்டும் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் ஒன்பதாவது படத்தில் 34 (அ) தொடங்குகிறது. காஸ் விதியைக் கொண்டு நீண்ட மின்னேற்றக் கம்பியின் மின்புலத்தைக் காணும் கணக்கு. அதில் λ, ε₀ என்ற குறியீடுகள் இருக்கின்றன. பத்தாவது படத்தின் மேலே வினா எண் கிடையாது. பாதியில் நிற்கும் ஒரு சமன்பாடு, அதில் μ₀, (R² + z²) என்று வருகிறது. அவசரப்படுபவர் இதை 34-இன் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்வார். 35-ஐ மாணவி எழுதவே இல்லை என்று முடிவு கட்டுவார். இயற்பியல் ஆசிரியர் அப்படி ஏமாற மாட்டார். மின்னூட்டக் கம்பியில் தொடங்கிய கணக்கு μ₀-வில் வந்து முடியாது. அது மின்னோட்டம் பாயும் வட்டக் கம்பிச் சுருளின் அச்சில் காந்தப்புலம் காண்பது, பயட்-சாவர்ட் விதியிலிருந்து வருவது. வினாத்தாளைத் திறந்தால் 35 (ஆ) அதுவே. மறுபக்க நிழலும் இதையே சொல்கிறது. ஒன்பதாவது படத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்து பத்தாவது படத்தோடு பொருந்தவில்லை. ஆகவே இவை ஒரே தாளின் இரு முகங்கள் அல்ல. ஒன்று 9, மற்றொன்று 12. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன.

இப்போது முகப்பில் உள்ள மதிப்பெண் கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வினா எண், விடை இருக்கும் பக்கம், தரப்பட்ட மதிப்பெண். நம் மாதிரியில் 34-க்கு 5, 35-க்கு 3 என்று இருந்தால், திருத்தியவர் 10, 11-ஆம் பக்கங்களைப் பார்த்திருக்கிறார் என்றே கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்வில் ஆசிரியர்கள் தாளிலேயே திருத்துகிறார்கள், ஸ்கேன் செய்வது பிறகு. எனவே நகலில் பக்கம் இல்லை என்பதால் மதிப்பெண் போய்விட்டதாக ஆகாது. விடைத்தாளை முதலில் ஸ்கேன் செய்து, திரையில் பார்த்துத் திருத்தும் தேர்வுகளில்தான் ஆபத்து பெரிது. அங்கே திருத்துபவர் கண்ணில் படுவதும் இதே 18 படங்கள்தான். 35-க்கு நேரே கட்டம் காலியாகவோ, பூஜ்யமாகவோ, குறைவாகவோ இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்கேனை.

எண்ணைத் தவறாக எழுதுவது இன்னொரு சிக்கல். 27 என்று எழுத நினைத்தவர் அவசரத்தில் 21 என்று எழுதியிருப்பார். அட்டவணையில் 21 இரண்டு முறை வரும், 27 வராது. விடையின் நீளமும் உள்ளடக்கமும் அது மூன்று மதிப்பெண் பகுதியைச் சேர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும். 36 என்று மட்டும் எழுதி (அ), (ஆ) போடாதவர்களின் விடையையும் உள்ளடக்கத்தைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

அட்டவணையை நிரப்பும்போது நான் பிடிவாதமாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. ‘எழுதவில்லை’ என்பதும் ‘நகலில் காணவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாம் பகுதியில் ஐந்து விடைகள்தான் அகப்படுகின்றன, மதிப்பெண் கட்டத்திலோ ஆறு எண்கள் இருக்கின்றன என்றால் ஆறாவது விடை காணவில்லை. வரிசை முழுவதும் சரியாக இருந்து, இடைவெளியும் இல்லாமல், கட்டமும் காலியாக இருந்தால் மட்டுமே எழுதவில்லை என்று சொல்லலாம். எந்த அடையாளமும் இல்லாமல் ஒரு பக்கம் அநாதையாக நின்றால், அது 34-க்கோ 36-க்கோ உரியதாக இருக்கலாம் என்று இரண்டையும் எழுதி வையுங்கள். ஊகித்து ஒன்றில் சேர்த்துவிட்டால், அதன்மேல் எழும் கணக்கு முழுவதும் கோணலாகும்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அரைகுறை நகலை வைத்து அந்த முடிவை எடுக்கக் கூடாது. முதலில் முழு நகலைக் கேட்டு எழுதுங்கள். ‘என் விடைத்தாளில் பக்கங்கள் விடுபட்டுள்ளன’ என்று பொதுவாக எழுதினால் தேடுபவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாது. ‘ஒன்பதாவது படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் இடையே 10, 11-ஆம் பக்கங்கள் இல்லை, 34 (அ)-இன் பிற்பகுதியும் 35 (ஆ)-இன் தொடக்கமும் அவற்றில் உள்ளன, முகப்புக் கட்டத்தில் 35-க்கு 3 மதிப்பெண் பதிவாகியுள்ளது’ என்று எழுதினால், விடைத்தாளை எடுத்துப் பார்ப்பவர் நேராக அந்தத் தாள்களைத் திருப்பிப் பார்க்க முடியும்.