திரை காட்டும் ஆம்பியர் சரியா?

ஆய்வக மேசையில் இருக்கும் புரோகிராமபிள் பவர் சப்ளை இரண்டு வேலைகளைச் செய்கிறது. கேட்ட வோல்டேஜைக் கொடுக்கிறது. கொடுத்தது எவ்வளவு என்று தானே அளந்து திரையில் காட்டுகிறது. கணினியோடு இணைத்திருந்தால் கீழ்க்கண்ட இரண்டு வரிகளை அனுப்பினால் போதும், அளந்த எண்களைப் பதிலாக அனுப்பிவிடும்:

```
MEAS:VOLT?
MEAS:CURR?
```

இப்படித் திரும்பி வரும் எண்ணுக்கு ரீட்பேக் என்று பெயர். ஒரு சர்க்யூட் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, ஒரு பேட்டரி எவ்வளவு சார்ஜ் வாங்கியது என்பதையெல்லாம் பலர் இந்த எண்ணை நம்பித்தான் எழுதிவைக்கிறார்கள். ஆனால் வோல்டேஜைக் கொடுக்கும் சர்க்யூட் வேறு, அளக்கும் சர்க்யூட் வேறு. ஒன்று சரியாக இருக்கும்போதே மற்றொன்று வழுவலாம். அதனால் ரீட்பேக்கை, செட் செய்த எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. வெளியே உண்மையில் இருக்கும் வோல்டேஜோடும் கரண்டோடும்தான் ஒப்பிட வேண்டும்.

30 வோல்ட், 3 ஆம்பியர் தரும் ஒரு சப்ளையை எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில் ரீட்பேக் துல்லியம் வோல்டேஜுக்கு 0.05% + 10 மில்லிவோல்ட், கரண்டுக்கு 0.15% + 5 மில்லிஆம்பியர் என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். சதவீதம் அளவோடு சேர்ந்து வளரும். கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எண் எந்த அளவிலும் மாறாது. இந்த வேறுபாடு பிறகு உதவும்.

வோல்டேஜைச் சோதிப்பது எளிது. 10 வோல்ட்டில் இந்த சப்ளைக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 5 + 10, அதாவது 15 மில்லிவோல்ட். 1990களிலிருந்து உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் 34401A என்ற ஆறரை இலக்க மல்டிமீட்டர், அளவுத்திருத்தம் செய்து ஓராண்டு வரை, 10 வோல்ட்டில் 0.4 மில்லிவோல்ட்டுக்கு மேல் தவறாது. சோதிக்கும் கருவி, சோதிக்கப்படும் கருவியைவிட நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழக்கம். இங்கே முப்பது மடங்குக்கு மேலேயே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, மல்டிமீட்டரின் முனைகளை எங்கே வைப்பது என்பதுதான். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.023 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் ஒயரில் 2 ஆம்பியர் ஓடினால் 90 மில்லிவோல்ட் அளவுக்கு ஒயரிலேயே விழுந்துவிடும். லோடின் முனையில் அளப்பவருக்கு 9.91 வோல்ட் தெரியும், திரையில் 10.00 இருக்கும். சப்ளை மேல் தவறில்லை. அது தன் டெர்மினலில் இருப்பதைத்தான் சொல்கிறது. எனவே டெர்மினலில்தான் முனைகளை வைக்க வேண்டும். ரிமோட் சென்ஸ் ஒயர்கள் மாட்டியிருந்தால், அவை எங்கே தொடுகின்றனவோ அங்கே வைக்க வேண்டும்.

கரண்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. அதே மல்டிமீட்டரில் 3 ஆம்பியர் ரேஞ்ச் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அந்த ரேஞ்சின் ஓராண்டுத் துல்லியம் 0.12% + ரேஞ்சில் 0.02%. 3 ஆம்பியரில் இது 4.2 மில்லிஆம்பியர். சப்ளைக்கு அனுமதிக்கப்பட்ட பிழை அங்கே 9.5 மில்லிஆம்பியர். நான்கு மடங்கு வேண்டிய இடத்தில் இரண்டேகால் மடங்குதான் கிடைக்கிறது.

இங்கேதான் ஷண்ட் வருகிறது. மதிப்பு நன்றாகத் தெரிந்த, மிகச் சிறிய ஒரு ரெசிஸ்டர் அது. கரண்டை அதன் வழியே ஓடவிட்டு, அதன் குறுக்கே எழும் வோல்டேஜை அளந்து, ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். மல்டிமீட்டர் மிகத் துல்லியமாக அளப்பது டிசி வோல்டேஜைத்தான் என்பதால், வேலை அதன் பலமான பக்கத்துக்குப் போகிறது.

எத்தனை ஓம் ஷண்ட்? 0.1 ஓம் என்றால் 3 ஆம்பியரில் 300 மில்லிவோல்ட் எழும், அளக்க வசதி. ஆனால் 0.9 வாட் சூடும் எழும். டிகிரிக்கு பத்து லட்சத்தில் 20 பங்கு மாறும் ரெசிஸ்டர், 30 டிகிரி சூடேறினால் மதிப்பு 0.06% நகர்ந்துவிடும். 0.01 ஓம் என்றால் சூடு 0.09 வாட்தான், எழுவது 30 மில்லிவோல்ட். 34401A மீட்டரின் 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் அதை அளக்கும்போது பிழை 5 மைக்ரோவோல்ட், அதாவது அரை மில்லிஆம்பியர். 9.5-க்கு 0.5 என்பது வசதியான இடைவெளி. ஷண்ட்டின் சொந்தச் சான்றிதழில் உள்ள பிழையையும் இதோடு சேர்க்க வேண்டும்.

ஷண்ட்டில் நான்கு முனைகள் உண்டு. வெளியே இருக்கும் பெரிய இரண்டில் கரண்ட் ஒயர்கள், உள்ளே இருக்கும் சிறிய இரண்டில் மல்டிமீட்டர். மல்டிமீட்டரையும் பெரிய ஸ்க்ரூவிலேயே மாட்டினால், அங்குள்ள தொடுகையின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் ஏறும். அது வெறும் ஒரு மில்லிஓம் என்றாலும் 10 மில்லிஓம் ஷண்ட்டில் பத்து சதவீதப் பிழை. 3 ஆம்பியர் 3.3 ஆம்பியராகத் தெரியும்.

சோதனைக்கு முன் இரண்டு கருவிகளும் ஒரு மணி நேரமாவது ஓடிச் சூடாகி நிலைப்பட வேண்டும். ஷண்ட்டை சப்ளையின் அவுட்புட்டுக்குக் குறுக்கே நேராக மாட்டி, சப்ளையைக் கான்ஸ்டன்ட் கரண்ட் நிலையில் ஓட்டினால் தனி லோடு தேவையில்லை. அவுட்புட்டை ஆன் செய்யுமுன் மல்டிமீட்டரைப் பார்த்தால் பெரும்பாலும் சுத்தமான பூஜ்யம் இருக்காது. வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் வெப்ப வேறுபாட்டால் சில மைக்ரோவோல்ட் பிறக்கும். 0.01 ஓம் ஷண்ட்டில் ஒரு மைக்ரோவோல்ட் என்பது 0.1 மில்லிஆம்பியர். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். அளந்து முடித்து அவுட்புட்டை ஆஃப் செய்ததும் மறுபடி பார்ப்பது நல்லது. இடையில் அது மாறியிருந்தால் ஷண்ட் சூடேறியிருக்கிறது.

சான்றிதழ்படி ஷண்ட்டின் மதிப்பு 0.010003 ஓம், பூஜ்யத்தில் மீட்டர் காட்டியது 4 மைக்ரோவோல்ட் என்று வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3 ஆம்பியர் செட் செய்ததும் மீட்டரில் 29.973 மில்லிவோல்ட். பூஜ்யத்தைக் கழித்தால் 29.969, ஓமால் வகுத்தால் 2.9960 ஆம்பியர். ரீட்பேக் சொல்வது 3.0021. வித்தியாசம் 6.1 மில்லிஆம்பியர், அனுமதி 9.5. தேறிவிட்டது.

அடுத்து 0.1 ஆம்பியர். மீட்டரில் 1.0052 மில்லிவோல்ட், கழித்து வகுத்தால் 0.1001 ஆம்பியர். ரீட்பேக் 0.1062. வித்தியாசம் அதே 6.1 மில்லிஆம்பியர்தான். ஆனால் இங்கே அனுமதி 5.15 மட்டுமே. தேறவில்லை.

உச்ச அளவில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்தவர் இந்த சப்ளையை நல்லது என்று சொல்லியிருப்பார். 100 மில்லிஆம்பியர் இழுக்கும் சென்சார் போர்டை இதில் அளப்பவருக்கோ ஆறு சதவீதம் தவறும். இரண்டு இடத்திலும் பிழை ஒரே அளவாக இருப்பது நோயையும் காட்டிக்கொடுக்கிறது. பிழை கரண்டோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் அளக்கும் சர்க்யூட்டின் பெருக்கம் தவறியிருக்கும். வளராமல் நின்றிருப்பதால் தவறியது அதன் பூஜ்யம். அவுட்புட்டை ஆன் செய்து, எதையும் மாட்டாமல் விட்டாலும் திரையில் 6 மில்லிஆம்பியர் தெரிந்தால் அது உறுதி.

இந்த சப்ளைக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுத்திருத்த முறையில் பூஜ்யத்தைச் சரிசெய்தால் போதும். அதற்கு முன் இப்போது கண்ட எண்களை, தேதியோடும் அறை வெப்பநிலையோடும் எழுதிவைக்க வேண்டும். கடந்த மாதங்களில் இதே சப்ளையில் எடுத்த அளவுகள் எவ்வளவு தவறியிருக்கும் என்று கணக்கிட அந்தத் தாள் ஒன்றுதான் வழி. சரிசெய்த பிறகு 0.1, 1.5, 3 ஆம்பியர் என்று மூன்று இடங்களிலாவது மறுபடி அளந்து, புதிய எண்களைப் பழையவற்றின் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.